வெள்ளைக்கல்லில் ஆசிட் ஊற்றினால் Mg²⁺ பார்வையாளரா? நிகர அயனிச் சமன்பாட்டில் சந்தேகம்

ஓமலூர்_பிளஸ்ஒன்

மேக்னசைட் தூளில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்தால் நடக்கும் வினைக்கு நிகர அயனிச் சமன்பாடு கேட்டிருந்தார்கள். நான் எழுதியது இது:

```
CO₃²⁻ + 2H⁺ → H₂O + CO₂
```

தப்பு என்று அடித்துவிட்டார்கள். போன வாரம் சோடியம் கார்பனேட்டுக்கும் இதையேதான் எழுதினேன், அதற்கு முழு மதிப்பெண். இரண்டும் கார்பனேட்தானே? அணுக்களை எண்ணிப் பார்த்தேன், சரி. மின்சுமையும் இரண்டு பக்கமும் பூஜ்யம். எங்கே தப்பு என்றே புரியவில்லை.

ஏற்காடு_டியூஷன்

உன் பதில் சரிதான் தம்பி, திருத்தியவர் கவனிக்கவில்லை. உலோக அயனி எப்போதும் பார்வையாளர்தான். Na⁺, K⁺, Mg²⁺, Cl⁻, NO₃⁻ இதையெல்லாம் மனப்பாடம் பண்ணி வைத்துக்கொண்டு கண்ணில் பட்டதும் அடித்துவிட வேண்டும். என் பிள்ளைகளுக்கு இப்படித்தான் சொல்லித் தருகிறேன், வேகமாகப் போடுகிறார்கள்.

சூரமங்கலம்_வேதியியல்

பட்டியலை வைத்து அடிப்பது பாதி இடங்களில் சரியாக வரும், மீதி இடங்களில் கவிழ்த்துவிடும். அதே பட்டியலோடு சில்வர் நைட்ரேட்டையும் சோடியம் குளோரைடையும் கலந்து பாருங்கள். Cl⁻ பட்டியலில் இருக்கிறது என்று அடித்துவிட்டால் Ag⁺ மட்டும் தனியாக நிற்கும். ஆனால் குழாயில் தயிர் மாதிரி வெள்ளையாக இறங்குவதே AgCl. அங்கே Cl⁻தான் வினையின் பாதி.

ஓர் அயனி எல்லா வினையிலும் பார்வையாளராக இருக்காது. வினைக்கு முன் எந்த உருவத்தில் கரைசலில் இருந்ததோ, வினை முடிந்த பிறகும் அதே உருவத்தில் இருந்தால் அந்த வினையில் மட்டும் அது பார்வையாளர். முன்னும் பின்னும் இரண்டையும் பார்க்காமல் சொல்லவே முடியாது.

இப்போது தம்பியின் கேள்வி. பேனாவை எடுக்கும் முன் இரண்டு பீக்கரையும் மனதில் வைத்துப் பார். சோடியம் கார்பனேட்டைத் தண்ணீரில் போட்டால் கரைந்து தெளிவாகிவிடும். உள்ளே Na⁺ தனி, CO₃²⁻ தனி. அமிலம் வந்ததும் H⁺ நேராக CO₃²⁻-ஐப் பிடிக்கிறது. Na⁺ முன்பும் மிதந்தது, பின்பும் மிதக்கிறது. அடிக்கலாம்.

மேக்னசைட் பீக்கரில் அடியில் வெள்ளைத் தூள் கிடக்கிறது. கலக்கினால் பால் மாதிரி ஆகும், விட்டுவைத்தால் மறுபடியும் இறங்கிவிடும். அங்கே மிதக்கிற Mg²⁺ என்று சொல்லும்படி ஏதும் இல்லை, எல்லாம் படிகத்துக்குள் கட்டிக் கிடக்கிறது. வினை முடிந்த பிறகுதான் Mg²⁺ கரைசலுக்கு வருகிறது. முன்பு திண்மத்தில் இருந்தது, பிறகு கரைசலில் இருக்கிறது. உருவம் மாறிவிட்டதால் அது பார்வையாளர் ஆகாது.

முழு அயனிச் சமன்பாட்டை எழுதினால் கண்ணுக்கே தெரியும்:

```
MgCO₃(s) + 2H⁺(aq) + 2Cl⁻(aq)
  → Mg²⁺(aq) + 2Cl⁻(aq) + H₂O(l) + CO₂(g)
```

இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பது 2Cl⁻ மட்டும். அதை எடுத்தால்:

```
MgCO₃(s) + 2H⁺(aq) → Mg²⁺(aq) + H₂O(l) + CO₂(g)
```

மின்சுமை இடப்பக்கம் +2, வலப்பக்கம் +2. நிகரச் சமன்பாட்டில் மின்சுமை பூஜ்யமாக இருக்க வேண்டியதில்லை, இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால் போதும். உன் பதிலிலும் மின்சுமை சமமாகத்தான் இருந்தது. அதனால்தான் எண்ணிப் பார்த்தும் தப்பு பிடிபடவில்லை. கரையாத ஒன்றை உடைத்துவிட்டு அதன் அயனியை அடித்துவிட்டால் கணக்கு அப்படியே சமமாக நிற்கும், வேதியியல் மட்டும் தப்பிப்போகும். இந்தத் தப்பைப் பிடிக்கிற ஒரே இடம் (s), (aq) குறிகள்தான். அவற்றை எழுதாமல் நேராக நிகரச் சமன்பாட்டுக்குத் தாவுகிறவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள்.

ஓமலூர்_பிளஸ்ஒன்

இப்போது புரிகிறது சார். ஒன்று மட்டும். ஜோடி மாற்றி எழுதினால் MgCl₂-வும் H₂CO₃-ம் தானே வர வேண்டும்? CO₂ எங்கிருந்து வந்தது?

சூரமங்கலம்_வேதியியல்

ஜோடி மாற்றினால் H₂CO₃ வருவது சரி. அது நிலைக்காமல் H₂O, CO₂ என்று பிரிந்துவிடும், குமிழியாக நாம் பார்ப்பது அந்த CO₂-வைத்தான். அதனால் சமன்பாட்டில் பிரிந்த வடிவத்தையே எழுதுகிறோம். சல்ஃபைட்டிலும் இதே கதை, H₂SO₃ என்று விடாமல் H₂O + SO₂ என்று எழுத வேண்டும். அம்மோனியம் உப்பில் காரம் சேர்த்துச் சூடாக்கினால் NH₃ + H₂O.

இன்னொன்று, MgCl₂-வை உடைக்கும்போது Mg²⁺ + 2Cl⁻ என்று எழுது. Cl₂²⁻ என்று சிலர் எழுதுகிறார்கள், அப்படி ஓர் அயனி கரைசலில் கிடையாது. வாய்பாட்டின் கீழே நின்ற 2, உடைத்ததும் முன்னால் வந்துவிடும்.

அம்மாபேட்டை_கெட்டில்

எனக்கும் இதே பிரச்சினை. எங்கள் போர் தண்ணீரில் மின்சாரக் கெட்டிலுக்குள் வெள்ளையாகப் பாறை மாதிரி படிகிறது. வினிகர் ஊற்றினால் நுரைக்கிறது. சேலத்தில் வெள்ளைக்கல் அதிகம் என்பதால் இதுவும் மேக்னசைட்தானே? இதை எடுக்க எவ்வளவு வினிகர் வேண்டும்?

செட்டிச்சாவடி_லேப்

கேள்வி வேறு திசையில் போகிறது, இருந்தாலும் இந்த இழைக்கு இது பயன்படும். கெட்டில் படிவு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். தண்ணீரில் கரைந்திருந்த பைகார்பனேட் கொதிக்கும்போது பிரிந்து படிவது. கூடவே மெக்னீசியம் ஹைட்ராக்சைடும் கொஞ்சம் இருக்கலாம், பார்த்து மட்டும் சொல்ல முடியாது. ஆனால் சுரங்கத்து மேக்னசைட் இல்லை என்பதற்கு நீங்களே சாட்சி சொல்லிவிட்டீர்கள். வினிகர் ஊற்றினால் நுரைக்கிறது என்றீர்களே, குளிர்ந்த வினிகரில் மேக்னசைட் அப்படி நுரைக்காது.

கருப்பூர்ப் பக்கம் செம்மண்ணில் கிடக்கும் வெள்ளைக்கட்டி ஒன்றை எடுத்து அதன் மேல் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால் அது ஏறக்குறைய சும்மாதான் உட்கார்ந்திருக்கும். காதருகில் வைத்துக் கேட்டாலும் சத்தம் வராது. சுண்ணாம்புக்கல்லில் அதே சொட்டு உடனே சீறும். மேக்னசைட்டை மாவாக அரைத்து, அமிலத்தோடு இளஞ்சூடாக்கினால்தான் குமிழி ஓடும். கல்லைப் பிரித்தறிய இது பழைய சோதனை. வினை நடக்குமா, என்னவாகும் என்பதைத்தான் சமன்பாடு சொல்லும். எவ்வளவு வேகம் என்று அதில் இருக்காது. குமிழி வரவில்லை என்பதால் "வினை இல்லை" என்று எழுதிவிடக் கூடாது.

ஏற்காடு_டியூஷன்

சரி, கரையாததை உடைக்கக் கூடாது என்று ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் விதி எளிது: கரைந்தது எல்லாவற்றையும் உடை, கரையாததை விடு. வினிகர் தண்ணீரில் முழுக்கக் கலக்கிறது. ஆக அந்த அம்மாவின் கெட்டிலுக்கு CaCO₃ + 2H⁺ → Ca²⁺ + H₂O + CO₂. ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கும் இதேதான்.

சூரமங்கலம்_வேதியியல்

இங்கேயும் ஒரு பாதி விட்டுப்போகிறது சார். கரைவது வேறு, அயனியாகப் பிரிவது வேறு. சர்க்கரையும் முழுக்கக் கரைகிறது, அதை யாரும் உடைப்பதில்லையே. வினிகருக்குள் இருக்கிற அசெட்டிக் அமிலத்தில் ஆயிரம் மூலக்கூறு எடுத்தால் நான்கைந்துதான் பிரிந்திருக்கும். மீதி எல்லாம் CH₃COOH ஆகவே மிதக்கின்றன. பெரும்பான்மை எந்த உருவத்தில் இருக்கிறதோ அதைத்தான் எழுத வேண்டும். ஆக கெட்டிலில் நடப்பது:

```
CaCO₃(s) + 2CH₃COOH(aq)
  → Ca²⁺(aq) + 2CH₃COO⁻(aq) + H₂O(l) + CO₂(g)
```

இதில் அடிப்பதற்கு ஒன்றுமே இல்லை, கவனியுங்கள். CH₃COO⁻ வலப்பக்கம் மட்டும்தான் இருக்கிறது. முழுச் சமன்பாடும் நிகரச் சமன்பாடும் ஒன்றே. "ஏதாவது ஒன்றை அடித்தே ஆக வேண்டும்" என்று நினைக்கும் பிள்ளைகள் இங்கே எதையாவது வலிந்து அடித்துவிடுவார்கள்.

முழுக்கப் பிரியும் அமிலங்கள் என்று தொடக்கத்தில் HCl, HBr, HI, HNO₃, HClO₄, H₂SO₄ இந்த ஆறை நினைவில் வைத்தால் போதும். இதில் சல்ஃப்யூரிக் அமிலத்துக்கு முதல் H⁺ மட்டுமே முழுசாகப் பிரியும் என்றாலும், பள்ளி அளவில் இரண்டையும் உடைத்தே எழுதுகிறார்கள். பட்டியலில் இல்லாத அமிலத்தை உடைக்காமல் வைத்தால் பெரும்பாலும் தப்பு வராது.

அம்மாபேட்டை_கெட்டில்

எவ்வளவு வினிகர் என்று யாரும் சொல்லவில்லையே?

செட்டிச்சாவடி_லேப்

மன்னிக்கவும். படிவு முழுவதும் CaCO₃ என்று வைத்துக்கொண்டால், ஒரு கிராமுக்கு அசெட்டிக் அமிலம் 1.2 கிராம் வேண்டும். புட்டியில் 4% என்று போட்டிருந்தால் அது 30 மில்லி வினிகர். கடைசியில் வேகம் குறைந்துவிடும் என்பதால் இரண்டு மடங்கு ஊற்றி, சூடாக்கி, அரை மணி நேரம் விடுங்கள்.

தம்பிக்கு: மூன்று வகை வினையையும் ஒரே கல்லில் பார்க்கலாம். உன் ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது ஆய்வகத்தில் செய்து பார், கண்ணாடி அணிந்துகொள். மாவாக அரைத்த தூய மெக்னீசியம் கார்பனேட் 0.84 கிராம் எடு. அது 0.01 மோல். அதற்கு H⁺ 0.02 மோல் தேவை, அதாவது 1 M ஹைட்ரோகுளோரிக் அமிலம் 20 மில்லி. வேண்டுமென்றே 25 மில்லி ஊற்று. இளஞ்சூடாக்கினால் குமிழி வரும், தூள் மறையும். இது வாயு வெளிவரும் வினை, சமன்பாடு மேலே சார் எழுதியதுதான். குமிழி நின்ற பிறகு இரண்டு மூன்று நிமிடம் மெல்லக் கொதிக்கவிட்டு, ஆறவை. கொதிக்கவிடுவதற்குக் காரணம் பிறகு சொல்கிறேன்.

இப்போது கரைசலில் Mg²⁺ இருக்கிறது, Cl⁻ இருக்கிறது, மீந்துபோன H⁺ 0.005 மோல் இருக்கிறது. பினால்ஃப்தலின் இரண்டு சொட்டு விட்டு, 1 M சோடியம் ஹைட்ராக்சைடை பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக விடு. கண்ணை எடுக்காதே. முதல் சொட்டு விழுகிற இடத்தில் வெள்ளையாக ஒரு சின்னப் புகை மாதிரி தோன்றும், பீக்கரைச் சுழற்றினால் கரைந்துவிடும். இப்படி ஏறக்குறைய 5 மில்லி வரை வீழ்படிவு நிற்காது. அந்த நேரத்தில் உள்ளே நடப்பது நடுநிலையாக்கல் மட்டும்:

```
H⁺(aq) + OH⁻(aq) → H₂O(l)
```

இங்கே Na⁺, Cl⁻ இரண்டும் பார்வையாளர். Mg²⁺-ம் இந்த ஐந்து மில்லிக்கு மட்டும் பார்வையாளர்தான். அதைத் தாண்டிய பிறகு விடும் சொட்டு வெள்ளையாகவே நின்றுவிடும்:

```
Mg²⁺(aq) + 2OH⁻(aq) → Mg(OH)₂(s)
```

ஜெல்லி மாதிரி இறங்கும், மெல்லிய இளஞ்சிவப்பும் தெரியத் தொடங்கும். இது முடிய இன்னும் 20 மில்லி பிடிக்கும். ஒரே பீக்கரில், ஒரே பியூரெட்டில், ஒரு நிமிடம் முன்பு பார்வையாளராக நின்ற Mg²⁺ இப்போது வினையில் இறங்கிவிட்டது. பட்டியல் மனப்பாடம் ஏன் கைகொடுக்காது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டாம்.

ஓமலூர்_பிளஸ்ஒன்

அக்கா, முதலில் தோன்றிய அந்த வெள்ளைப் புகை ஏன் கரைகிறது? அதற்கும் சமன்பாடு எழுதலாமா?

செட்டிச்சாவடி_லேப்

எழுதலாம், நீயே எழுது. கரையாத திண்மம் ஒன்று, சுற்றிலும் H⁺.

ஓமலூர்_பிளஸ்ஒன்

```
Mg(OH)₂(s) + 2H⁺(aq) → Mg²⁺(aq) + 2H₂O(l)
```

Mg(OH)₂-வை உடைக்கவில்லை. இடப்பக்கம் +2, வலப்பக்கம் +2. வெறுமனே H⁺ + OH⁻ → H₂O என்று எழுதினால் தப்பு, சரியா? நடுநிலையாக்கல் என்றாலே அந்த ஒரே சமன்பாடு என்று நினைத்திருந்தேன்.

சூரமங்கலம்_வேதியியல்

சரி. இரண்டும் கரைசலில் முழுக்கப் பிரிந்திருக்கும்போது மட்டும்தான் அந்தச் சின்னச் சமன்பாடு. அசெட்டிக் அமிலத்தில் சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்தால் CH₃COOH + OH⁻ → CH₃COO⁻ + H₂O, அங்கே Na⁺ மட்டும் வெளியே போகும்.

ஏற்காடு_டியூஷன்

இந்தச் சோதனையைக் குளியலறை கழுவுகிற ஆசிட் வைத்துச் செய்யலாமா? கல்லும் சாலையோரம் கிடைக்கிறது. பிள்ளைகளுக்குக் காட்ட வசதியாக இருக்கும்.

செட்டிச்சாவடி_லேப்

வேண்டாம் சார். அந்த ஆசிட்டின் செறிவு நமக்குத் தெரியாது, 5 மில்லி 20 மில்லி கணக்கு எதுவும் நிற்காது. அதன் மஞ்சள் நிறம் பெரும்பாலும் இரும்பால் வருவது. சாலையோரக் கல்லிலும் செம்மண் ஒட்டியிருக்கும், அதிலும் இரும்பு. Fe³⁺ இருந்தால் என்ன ஆகும் என்றால், கரைசல் இன்னும் அமிலமாக இருக்கும்போதே பழுப்பாக Fe(OH)₃ இறங்கிவிடும். பினால்ஃப்தலின் நிறமற்று இருக்கும், ஆனால் வீழ்படிவு நிற்கும். அப்படிக் கண்டால் அது மெக்னீசியம் இல்லை என்று தெரிந்துகொள்ளலாம். கல்லில் சிலிக்காவும் உண்டு, அது அமிலத்தில் கரையாமல் அடியில் மணலாகத் தங்கும். "இன்னும் வினை முடியவில்லை" என்று நினைத்து மேலும் மேலும் அமிலம் ஊற்றிவிடுவார்கள். வடிகட்டிவிட்டுத்தான் காரம் சேர்க்க வேண்டும்.

கொதிக்கவிடச் சொன்ன காரணம்: கரைசலில் CO₂ தங்கியிருந்தால் அதுவும் OH⁻-ஐச் சாப்பிடும். கணக்குக்கு மேல் ஒன்றிரண்டு மில்லி காரம் செலவானால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

கன்னங்குறிச்சி_எம்எஸ்சி

நல்ல இழை. இரண்டு இடத்தில் எனக்கு ஒப்புதல் இல்லை. முதலாவது, H⁺ என்று தனியாகக் கரைசலில் எதுவும் கிடையாது, H₃O⁺ என்றுதான் எழுத வேண்டும். இரண்டாவது, MgCO₃ கொஞ்சமாவது கரையத்தானே செய்கிறது? கரைந்த அந்தக் கொஞ்சம் CO₃²⁻ H⁺-ஓடு சேர்ந்து போகப் போக மேலும் கரைகிறது என்று சொன்னால், தம்பி முதலில் எழுதிய சமன்பாடுகூட உண்மையில் நடப்பதுதான்.

சூரமங்கலம்_வேதியியல்

முதலாவது, இரண்டு வழக்கமும் இருக்கிறது. H₃O⁺ எழுதினால் நீர் மூலக்கூறு எண்ணிக்கையைக் கூட்ட மறக்கக் கூடாது, MgCO₃(s) + 2H₃O⁺ → Mg²⁺ + 3H₂O + CO₂ என்று வரும். ஒரே விடையில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும் என்பது என் கருத்து.

இரண்டாவது, நீங்கள் சொல்வது வினை போகும் வழி. நிகரச் சமன்பாடு வழியைச் சொல்வதில்லை. தொடக்கத்தில் பீக்கரில் பெரும்பாலும் எது இருந்தது, முடிவில் எது இருக்கிறது என்பதைத்தான் சொல்கிறது. தொடக்கத்தில் இருந்தது தூள்.

கன்னங்குறிச்சி_எம்எஸ்சி

"பெரும்பாலும்" என்பதற்கு எல்லை எங்கே? Ca(OH)₂ கொஞ்சம்தான் கரையும். தெளிந்த சுண்ணாம்பு நீர் என்றால் உடைக்கிறோம், சுண்ணாம்புப் பால் என்றால் உடைப்பதில்லை. வினாத்தாளில் வெறும் Ca(OH)₂ என்று மட்டும் போட்டால் பிள்ளை என்ன செய்வான்?

சூரமங்கலம்_வேதியியல்

கேள்வியில் நிலைக்குறி இல்லாவிட்டால் அது கேள்வியின் குறை. பிள்ளை தான் எடுத்துக்கொண்ட நிலையைத் தானே எழுதிவிட்டு அதன்படி போட வேண்டும் என்பேன். திருத்துகிறவர் எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள் என்று உறுதி கொடுக்க முடியாது.

ஏற்காடு_டியூஷன்

வாய்பாட்டில் (s), (aq) போடாமல் ஒரு கணக்கும் தொடங்கக் கூடாது என்று நாளையிலிருந்து பிள்ளைகளிடம் சொல்கிறேன். மனப்பாடப் பட்டியலையும் அழித்துவிடுகிறேன்.

ஓமலூர்_பிளஸ்ஒன்

லேப் அக்கா, கடைசியாக ஒன்று. 5 மில்லியும் 20 மில்லியும் சேர்ந்தால் 25. ஊற்றிய அமிலமும் 25 மில்லி. இது தற்செயலா?

செட்டிச்சாவடி_லேப்

இல்லை. நீ ஊற்றிய Cl⁻ 0.025 மோல். மூன்று வினையிலும் அது எதையும் தொடவில்லை. Mg²⁺ முழுவதும் வீழ்படிவாக இறங்கிய பிறகு அந்த 0.025 மோல் Cl⁻-க்கு ஈடாகக் கரைசலில் நிற்க வேண்டியது 0.025 மோல் Na⁺. அது 1 M காரத்தில் 25 மில்லி. வீழ்படிவை வடிகட்டிவிட்டு, தெளிந்த நீரைப் பீங்கான் கிண்ணத்தில் வற்றவிட்டால் அடியில் வெள்ளையாக உப்பு படியும். எல்லாம் சரியாக நடந்திருந்தால் 1.46 கிராமுக்குப் பக்கத்தில் எடை காட்டும். நீ சமன்பாட்டில் அடித்த அயனிகள் அத்தனையும் அந்தக் கிண்ணத்தில் இருக்கும்.